தண்டின் விட்டம் ஏன் கூடுகிறது? பரேட்டோ, கண்ட்ரோல் சார்ட், மீன்முள் வரைபடம் மூன்றையும் வரிசையாகப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த மூன்றையும் தனித்தனியாகக் கற்றவர்கள் ஒரு நிஜமான ரிஜெக்ட் பிரச்சினை வந்ததும் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வரையத் தெரியாமல் யாரும் தடுமாறுவதில்லை. எதை முதலில் வரைவது என்பதில்தான் குழப்பம். பெரும்பாலானோர் எடுத்த எடுப்பில் நாலு பேரைக் கூட்டி மீன்முள் வரைகிறார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது காரணங்கள் பலகையில் நிற்கும். எதைத் தொடுவது என்று யாருக்கும் தெரியாது.

நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் பரேட்டோ, அடுத்து கண்ட்ரோல் சார்ட், அதற்குப் பிறகே மீன்முள், கடைசியில் மறுபடியும் கண்ட்ரோல் சார்ட். ஏன் இப்படி என்பதை ஒரே எடுத்துக்காட்டை வைத்து முழுவதும் பார்த்துவிடலாம்.

ஒரு சி.என்.சி. லேத்தில் எஃகுத் தண்டுகள் கடையப்படுகின்றன. விட்டம் 20.00 மி.மீ., ஏற்கும் விலகல் மேலே 0.03, கீழே 0.03. ஒரு ஷிஃப்ட், நாளுக்கு 400 தண்டுகள். 24 வேலை நாட்களில் 9,600 தண்டுகள் கடைந்ததில் 412 ரிஜெக்ட் ஆகியிருக்கின்றன.

## 1. வரைவதற்கு முன்: நேரம் எழுதிய பதிவும் நம்பத்தக்க மைக்ரோமீட்டரும்

பல இடங்களில் "இன்று 17 ரிஜெக்ட்" என்ற மொத்தக் கணக்கு மட்டுமே இருக்கும். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு ரிஜெக்டுக்கும் ஒரு வரி வேண்டும்: என்ன குறை, எந்த நேரம், இன்செர்ட் மாற்றியபின் எத்தனையாவது தண்டு. ஆபரேட்டர் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும் அளவுக்குத் தாள் எளிமையாக இருக்க வேண்டும். நீளமான படிவம் கொடுத்தால் ஷிஃப்ட் முடியும்போது நினைவிலிருந்து நிரப்புவார்கள். அந்த நேரக் குறிப்பு எதற்கும் உதவாது.

குறைகளுக்குப் பெயர் வைக்கும்போது "விட்டம் தவறு" என்று எழுதாதீர்கள். "விட்டம் அதிகம்", "விட்டம் குறைவு" இரண்டும் வேறு வேறு குறைகள். காரணங்களும் வேறாக இருக்கலாம். ஒன்றை மறுபடி கடைந்து சரிசெய்யலாம், மற்றது ஸ்க்ராப்.

அடுத்தது அளவுக்கருவி. இங்கே ஏற்கும் மொத்த அகலம் 60 மைக்ரான். 10 மைக்ரானாக மட்டுமே படிக்கக்கூடிய சாதாரண மைக்ரோமீட்டரால் இதை அளந்தால் அளவுகள் படிப்படியாகத் தாவும், பின்னால் வரும் கண்ட்ரோல் சார்ட் பொய் சொல்லும். 1 மைக்ரான் படிக்கும் கருவி வேண்டும். பத்துத் தண்டுகளை இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், இரண்டு முறை அளந்து பாருங்கள். அவர்களுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு மைக்ரான் வித்தியாசம் வந்தால் அங்கேயே நிறுத்தி முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று: லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளக்கக் கூடாது. 20 மி.மீ. எஃகுத் தண்டு 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் விட்டம் சுமார் 5 மைக்ரான் பெரிதாகக் காட்டும்.

## 2. பரேட்டோ: எந்தக் குறையைப் பிடிப்பது

412 ரிஜெக்டுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். கூடவே சேர்ந்துவரும் சதவீதத்தையும் எழுதுங்கள்.

| குறை | எண்ணிக்கை | சேர்ந்த சதவீதம் |
|---|---|---|
| விட்டம் அதிகம் | 214 | 51.9 |
| மேற்பரப்பில் கோடு | 78 | 70.9 |
| விளிம்பில் பிசிறு | 46 | 82.0 |
| அடிபட்ட தடம் | 32 | 89.8 |
| நீளம் குறைவு | 24 | 95.6 |
| மற்றவை | 18 | 100 |

கம்பங்களை இடமிருந்து வலமாக உயரம் குறையும்படி வரைந்து, சேர்ந்த சதவீதத்தை அவற்றின் மேல் ஒரு கோடாக இழுத்தால் பரேட்டோ சார்ட் தயார். "மற்றவை" எப்போதும் கடைசியில். அது மூன்றாவது நான்காவது இடத்துக்கு வரும் அளவுக்கு உயர்ந்தால், வகைகளை நீங்கள் சரியாகப் பிரிக்கவில்லை என்று அர்த்தம்.

எல்லாக் கம்பங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்தாலும் சார்ட்டைத் தூக்கிப்போட வேண்டாம். வேறு விதமாகப் பிரித்துப் பாருங்கள்: இயந்திரவாரியாக, ஷிஃப்ட்வாரியாக, தண்டின் வகைவாரியாக. ஏதோ ஒரு பிரிப்பில் ஒரு கம்பம் ஓங்கி நிற்கக்கூடும்.

சரி, விட்டம் அதிகம்தான் முதலிடம். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. விட்டம் கூடிய தண்டை 6 நிமிடத்தில் மறுபடி கடைந்துவிடலாம். அடிபட்ட தண்டு ஸ்க்ராப், அதோடு போவது 20 நிமிட வேலை. அதனால் அதே குறைகளை இழந்த நிமிடங்களில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விட்டம் அதிகம் 214 × 6 = 1,284 நிமிடம். அடிபட்ட தடம் 32 × 20 = 640 நிமிடம், அதாவது நான்காவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு ஏறிவிட்டது. பிசிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட வேலை என்பதால் வெறும் 46 நிமிடத்தோடு கடைசிக்குப் போய்விடுகிறது.

இரண்டு கணக்கிலும் விட்டமே முதலில் நிற்பதால் தயக்கமில்லாமல் அதை எடுக்கலாம். இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் நான் நிமிடக் கணக்கின் பக்கம்தான் நிற்பேன். இழப்பைச் சொல்வது அதுதான்.

## 3. கண்ட்ரோல் சார்ட்: குறை எப்போது வருகிறது

இந்த இடத்தில்தான் புதியவர்கள் மீன்முள்ளுக்குத் தாவுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். "விட்டம் ஏன் கூடுகிறது" என்பது மிகப் பரந்த கேள்வி. விட்டம் எப்போதும் கொஞ்சம் கூடியே இருக்கிறதா, அல்லது சில நேரங்களில் மட்டும் எகிறுகிறதா? இதற்கு விடை தெரியாமல் காரணம் தேடுவது இருட்டில் தேடுவதுதான்.

### 3.1 மாதிரி எடுக்கும் முறை

மணிக்கு ஒருமுறை, அடுத்தடுத்துக் கடைந்த 5 தண்டுகளை எடுத்து அளக்கவும். ஏன் அடுத்தடுத்து? ஒரே குழுவுக்குள் இயந்திரத்தின் இயல்பான சின்ன ஏற்ற இறக்கம் மட்டுமே இருக்க வேண்டும். நேரத்தோடு வரும் மாற்றம் குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் தெரிய வேண்டும். மணி முழுவதும் பொறுக்கிய 5 தண்டுகளை ஒரு குழு ஆக்கினால், அல்லது இரண்டு லேத்தின் தண்டுகளைக் கலந்தால், எல்லைகள் அகன்றுபோய் எல்லாப் புள்ளிகளும் நடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும். பார்க்க அழகாக இருக்கும், உண்மையை மறைத்துவிடும்.

மாதிரி எடுக்கும் நாட்களில் ஆபரேட்டர் செய்யும் ஒவ்வொரு ஆஃப்செட் மாற்றமும், இன்செர்ட் மாற்றமும், இயந்திரம் நின்ற நேரமும் சார்ட்டின் கீழேயே எழுதப்பட வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத சார்ட்டில் ஒரு புள்ளி வெளியே போனால் அன்று என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

### 3.2 கணக்கு

20.000 மி.மீட்டரிலிருந்து எத்தனை மைக்ரான் விலகல் என்று எழுதினால் கணக்கு சுலபம். ஒரு நாள் காலை முதல் குழு: +22, +31, +28, +34, +20. சராசரி +27. பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வீச்சு 14.

மூன்று நாட்களில் இப்படி 24 குழுக்கள். எல்லாச் சராசரிகளின் சராசரி +4, வீச்சுகளின் சராசரி 18 என்று வந்தது. 5 தண்டுகள் கொண்ட குழுவுக்கான மாறிலிகள் A2 = 0.577, D3 = 0, D4 = 2.114. கீழே X̄ என்பது சராசரி சார்ட், R என்பது வீச்சுக்கான சார்ட், UCL மேல் எல்லை, LCL கீழ் எல்லை.

```
X̄ : UCL = 4 + 0.577 × 18 = 14.4
    LCL = 4 − 0.577 × 18 = −6.4
R : UCL = 2.114 × 18 = 38
    LCL = 0 × 18 = 0
```

முதலில் R சார்ட்டைப் பாருங்கள். சராசரி சார்ட்டின் எல்லைகள் வீச்சிலிருந்துதான் பிறக்கின்றன. வீச்சே நிலையாக இல்லை என்றால் அந்த எல்லைகளுக்கு அர்த்தம் இல்லை. நம் எடுத்துக்காட்டில் 24 வீச்சுகளும் 38-க்குள். அதாவது அடுத்தடுத்த தண்டுகளுக்கிடையே லேத் சீராகத்தான் வெட்டுகிறது.

இப்போது சராசரி சார்ட். ஐந்து புள்ளிகள் மேல் எல்லைக்கு வெளியே: +27, +24, +29, +18, +16. முதல் மூன்றும் மூன்று நாட்களின் காலை முதல் குழு. மற்ற இரண்டும் முதல் இரண்டு நாட்களில் மதிய இடைவேளைக்குப் பிந்தைய முதல் குழு. மூன்றாம் நாள் மதியக் குழு +13, எல்லைக்குள்ளேதான்.

### 3.3 எல்லைகளைத் திருத்துவது

வெளியே போன புள்ளிகளுக்கு ஒரே மாதிரியான சூழ்நிலை இருப்பது தெரிந்துவிட்டதால் அவற்றை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடலாம். மீதி 19 குழுக்களின் சராசரி சுமார் −1. வீச்சின் சராசரி மாறவில்லை. புதிய எல்லைகள் −11.4, +9.4. இப்போது பாருங்கள், முன்பு உள்ளே இருந்த +13 வெளியே வந்துவிட்டது. பெரிய புள்ளிகள் நடுக்கோட்டை மேலே இழுத்து அதை மறைத்திருந்தன. அதுவும் இடைவேளைக்குப் பிந்தையதே என்பதால் அதையும் நீக்கினால் நடுக்கோடு −1.7, எல்லைகள் −12.1, +8.7. எஞ்சிய 18 புள்ளிகளும் உள்ளே.

ஒரு எச்சரிக்கை. வெளியே போனது என்பதற்காக மட்டும் எந்தப் புள்ளியையும் நீக்காதீர்கள். சூழ்நிலை தெரிந்தால் மட்டுமே நீக்கலாம். இல்லையென்றால் சார்ட் அழகாகும் வரை புள்ளிகளைத் துடைத்துக்கொண்டே போவீர்கள்.

### 3.4 அடிக்கடி நடக்கும் தவறு: வரைபட எல்லையை இந்தச் சார்ட்டில் போடுவது

தண்டின் வரைபடம் ஏற்கும் +30, −30 எல்லைகளைச் சராசரி சார்ட்டில் கோடுகளாக வரைந்து வைப்பவர்கள் பலர். காலைக் குழுவை மறுபடி பாருங்கள். சராசரி +27, அந்தக் கோட்டுக்குள் பத்திரமாக இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்த ஐந்தில் +31, +34 இரண்டும் ரிஜெக்ட். தனித் தண்டுக்கான எல்லையைச் சராசரிக்குப் பொருத்தக் கூடாது. கண்ட்ரோல் எல்லை இயந்திரம் தன் இயல்பில் இருக்கிறதா என்று சொல்கிறது, வரைபட எல்லை தண்டு ஏற்கத்தக்கதா என்று சொல்கிறது.

இயந்திரத்தின் இயல்பு இந்த 60 மைக்ரானுக்குப் போதுமா என்பதற்கு வேறு கணக்கு. இதில் σ, அதாவது சிக்மா, தண்டுக்குத் தண்டு வரும் இயல்பான சிதறல்; d2 ஐந்து தண்டுக் குழுவுக்கான இன்னொரு மாறிலி:

```
σ = R̄ / d2 = 18 / 2.326 = 7.7
(30 − (−1.7)) / 7.7 = 4.1
```

லேத் இயல்பாக ஓடும்போது மேல் எல்லை நடுக்கோட்டிலிருந்து 4.1 சிக்மா தூரத்தில் இருக்கிறது. அளவுகள் மணி வடிவப் பரவலில் இருந்தால், பத்தாயிரம் தண்டுகளில் ஒன்றுகூட மேலே தாண்டாது. ஆனால் 9,600-ல் 214 தாண்டியிருக்கிறது. அப்படியானால் இந்த ரிஜெக்ட் லேத்தின் இயல்பிலிருந்து வரவில்லை, நின்று மறுபடி ஓட ஆரம்பிக்கும் நேரத்திலிருந்து வருகிறது. புது இயந்திரம் வேண்டும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

## 4. பதிவோடு ஒத்துப்பார்த்தல்

மூன்று நாள் சார்ட் சொன்னதை 24 நாள் பதிவு ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் படியில் நேரம் எழுதச் சொன்னது இதற்காகவே.

காலை முதல் அரை மணி, மதியம் முதல் அரை மணி சேர்த்து நாளுக்கு சுமார் 50 தண்டுகள், 24 நாளில் 1,200. விட்டம் கூடிய 214-ல் 158 இந்த 1,200-க்குள் வந்தவை. அதாவது 13 சதவீதம். மீதி 8,400 தண்டுகளில் 56 மட்டும், 0.7 சதவீதம்கூட இல்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் எத்தனைக்கு எத்தனை என்று பார்ப்பது முக்கியம். அதிகமாக ஓடும் நேரத்தில் அதிக ரிஜெக்ட் வருவது இயல்பே, அதில் செய்தி எதுவும் இல்லை.

## 5. மீன்முள்: இப்போது கேள்வி கூர்மையாகிவிட்டது

மீனின் தலையில் எழுத வேண்டியது "விட்டம் அதிகம்" அல்ல. இப்படி எழுதுங்கள்: "லேத் நின்று மறுபடி ஓடும் முதல் அரை மணியில் விட்டம் 15 முதல் 30 மைக்ரான் கூடுகிறது, மற்ற நேரத்தில் கூடுவதில்லை." அந்தக் கடைசிப் பகுதியை விடாதீர்கள், வடிகட்டும் வேலையை அதுதான் செய்கிறது.

வழக்கமான ஆறு முட்கள்: மனிதர், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல். ஒவ்வொரு காரணத்தையும் தலையிலுள்ள வாக்கியத்தின் இரண்டு பாதிகளோடும் உரசிப் பாருங்கள். இன்செர்ட் தேய்ந்தால் வெளிவிட்டம் கூடும், உண்மைதான். ஆனால் தேய்மானம் மெதுவாக ஏறும், இடைவேளைக்குப் பின் தானாகக் குறையாது. அதனால் அது நிற்காது. கம்பியின் கடினம் நாள் முழுவதும் ஒரே லாட், அதுவும் நிற்காது. நாற்பது காரணங்கள் எழுதவேண்டிய இடத்தில் நமக்கு மிஞ்சியவை நான்கு:

- இயந்திரம்: பால்ஸ்க்ரூவும் ஸ்பிண்டிலும் குளிர்ந்திருப்பது
- பொருள்: கூலன்ட் குளிர்ந்திருப்பது
- அளவீடு: காலையில் மைக்ரோமீட்டர் வேறு மாதிரி காட்டுவது
- முறை: மாலை மூடுவதற்கும் காலை திறப்பதற்கும் நடுவில் ஆஃப்செட் மாறிவிடுவது

எழுதும்போது இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். "கவனக்குறைவு", "பயிற்சி போதவில்லை" என்று யாராவது சொன்னால், "என்ன செய்தார், எந்த நேரத்தில்?" என்று கேளுங்கள். சோதித்துப் பார்க்க முடியாத எதுவும் முள்ளில் ஏறக் கூடாது. அதேபோல, "வார்ம்அப் இல்லை" என்பது காரணம் போலத் தெரியும் தீர்வு. அதை எழுதிவிட்டால் மற்றக் காரணங்களை யாரும் தேட மாட்டார்கள்.

கூட்டத்தில் ஆபரேட்டர் இருந்தே ஆக வேண்டும். ஆஃப்செட் காரணத்தை என்ஜினியர்கள் பெரும்பாலும் யோசிக்க மாட்டார்கள், தினமும் அந்த பட்டனை அழுத்துபவருக்கே அது தோன்றும்.

## 6. ஒவ்வொரு முள்ளையும் சோதிப்பது

மீன்முள் விடை தராது, சந்தேகப் பட்டியல்தான் தரும். ஓட்டுப்போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நான்கையும் சோதிக்க ஒரு வாரம் போதும்.

அளவீடு. காலையில் அளந்த பத்துத் தண்டுகளை எடுத்து வைத்து, முன்பகலில் மறுபடி அளந்தால் வித்தியாசம் 2 மைக்ரானுக்குள். இது இல்லை.

ஆஃப்செட். மாலை மூடும்போதும் காலை திறக்கும்போதும் திரையில் தெரியும் எண்ணை எழுதி வைத்தால், மூன்று நாளும் மாற்றமில்லை. விட்டம் கூடிய பிறகே ஆபரேட்டர் ஆஃப்செட்டைக் குறைக்கிறார், லேத் சூடானதும் மறுபடி ஏற்றுகிறார். ஆக, இது மூலக் காரணம் இல்லை. ஆனால் இந்த இழுபறியே சில தண்டுகளைக் கெடுக்கும். ஒரே ஒரு தண்டைப் பார்த்து ஆஃப்செட் மாற்றுவதை நிறுத்த வேண்டும்.

கூலன்ட். ஒரு நாள் காலை கூலன்டை மட்டும் 25 நிமிடம் ஓடவிட்டு, ஸ்பிண்டிலையும் அச்சுகளையும் அசைக்காமல் வைத்துப் பிறகு கடைந்தால், முதல் குழு +23. பலனில்லை.

இயந்திரத்தின் குளிர்ச்சி. ஸ்பிண்டிலையும் அச்சுகளையும் வெட்டாமல் 25 நிமிடம் ஓட்டிவிட்டுக் கடைந்தால், முதல் குழு +1. மறுநாள் ஓட்டாமல் கடைந்தால் +26. அடுத்த நாள் ஓட்டினால் 0. மறுபடி விட்டால் +25. காரணத்தை எடுத்தால் குறை போகிறது, வைத்தால் வருகிறது. இப்படி இரண்டு சுற்று நடந்தால்தான் நான் ஒத்துக்கொள்வேன், ஒருமுறை மட்டும் நடந்தது தற்செயலாக இருக்கலாம்.

இந்த லேத்தில் பால்ஸ்க்ரூ சூடாகி நீளும்போது டூல் மையத்தை நோக்கி நகர்கிறது, அதனால் சூட்டில் சரியாக இருக்கும் ஆஃப்செட் குளிரில் பெரிய தண்டைத் தருகிறது. ஸ்க்ரூ எந்த முனையில் இறுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு லேத்தில் இது தலைகீழாகவும் இருக்கலாம். அடுத்த லேத்துக்கு இதே முடிவைச் சோதிக்காமல் கொண்டுபோகாதீர்கள்.

## 7. மறுபடியும் கண்ட்ரோல் சார்ட்: சரியானது நிலைக்கிறதா

காலையில் 25 நிமிட ஓட்டம், மதிய இடைவேளையில் லேத்தை நிறுத்தாமல் அதே ஓட்டத்தில் விடுவது. இது நடைமுறைக்கு வந்தபின் திருத்திய எல்லைகளை, −12.1 முதல் +8.7 வரை, அப்படியே முன்னோக்கி நீட்டி வைத்து மூன்று நாள் புள்ளிகளை வையுங்கள். புதிய தரவிலிருந்து புது எல்லை போடக் கூடாது. அப்படிப் போட்டால் மாற்றம் நடந்ததா என்று பார்க்கவே முடியாது.

கவனிக்க வேண்டியவை இரண்டு: ஒரு புள்ளி எல்லைக்கு வெளியே போவது, அல்லது தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுவது. இரண்டில் ஒன்று நடந்தால் முதலில் கீழே எழுதிய குறிப்பைப் பாருங்கள், பிறகு ஆஃப்செட்டைத் தொடுங்கள்.

இந்தச் சார்ட்டுக்கு ஒரு குறை உண்டு. மணிக்கு ஐந்து தண்டுதான் பார்க்கிறோம். நடுவில் நடந்து முடிந்துவிடுவது இதில் தெரியாது. எஞ்சிய 56-ஐப் பதிவில் தேடினால் 41 இன்செர்ட் மாற்றியபின் வந்த முதல் பத்துத் தண்டுகளுக்குள் இருக்கின்றன. சார்ட்டில் இதன் தடயமே இல்லை. இன்செர்ட் மாற்றியதும் முதல் மூன்று தண்டுகளை அளப்பது என்ற தனி விதி இதற்கு வேண்டும்.

## 8. இரண்டாவது பரேட்டோ

அடுத்த 24 நாள் பதிவை அதே வகைகளோடு, முதல் சார்ட்டின் அதே உயர அளவில் வரையுங்கள். அளவுகோலை மாற்றினால் சின்னக் கம்பமும் பழைய உயரத்தில் நிற்கும், பார்ப்பவருக்கு எதுவும் மாறாதது போலத் தெரியும்.

இந்த எடுத்துக்காட்டில் விட்டம் அதிகம் 214-லிருந்து 61-க்கு வந்தது. எண்ணிக்கையில் மேற்பரப்புக் கோடு முதலிடத்துக்கு வந்துவிட்டது. நிமிடக் கணக்கில் விட்டம் 366-க்கு இறங்க, மாறாமல் நிற்கும் அடிபட்ட தடம் 640-ஓடு முதலில் நிற்கிறது. அடுத்து எடுக்க வேண்டியது அதுதான். அதற்குக் கண்ட்ரோல் சார்ட் இப்படியே பொருந்தாது, அடிபடுவதை மைக்ரானில் அளக்க முடியாதே. நாளுக்கு எத்தனை சதவீதம் தண்டுகள் அடிபட்டன என்று பார்க்கும் p சார்ட் வேண்டும். தண்டுகள் எந்த இடத்தில் கைமாறுகின்றன என்ற பத்தியையும் பதிவுத்தாளில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.